அப்லாவும் ஜானுமும்: துருக்கித் தொடர்களில் அழைப்பு காட்டும் நெருக்கம்

ஒரு காட்சியை நானே அமைத்துத் தருகிறேன். இது எந்தத் தொடரிலும் வந்ததல்ல. ஆனால் துருக்கித் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிதாகவும் தோன்றாது.

இஸ்தான்புல்லில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த செலினுக்கு வயது இருபத்தைந்து. நான்காம் மாடியில் இருக்கும் நெர்மினுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. படிக்கட்டில் முதன்முதலாகச் சந்திக்கும்போது செலின் அவரை "நெர்மின் ஹானும்" என்கிறாள். பத்து நாள் கழித்துத் தேநீர் குடிக்கும்போது அது "நெர்மின் அப்லா" ஆகிவிடுகிறது. நெர்மினும் பதிலுக்கு "செலின்ஜிம்" என்கிறார், நடுநடுவே "ஜானும்" என்றும் சொல்கிறார். ஐந்தாறு வாரம் போகிறது. செலின் தன்னிடம் சொல்லி அழுத ஒரு ரகசியத்தை நெர்மின் வேறொருவரிடம் சொல்லிவிட்டார் என்று தெரியவருகிறது. செலின் மாடியேறிப் போய்க் கதவைத் தட்டுகிறாள். திறந்தவரைப் பார்த்து அவள் முதலில் சொல்வது "நெர்மின் ஹானும்". திட்டவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. ஆனாலும் நெர்மினின் முகம் சுருங்கிவிடுகிறது.

இந்த மூன்று இடத்திலும் ஆங்கில வசனவரியில் ஓடுவது "நெர்மின்" என்ற பெயர் மட்டுமே. முகம் ஏன் சுருங்கியது என்பது வரியைப் படிப்பவருக்குப் பிடிபடாது. காதால் கேட்டவருக்குப் புரிந்துவிடும். ஒரு தமிழருக்கோ அதற்கு விளக்கமே வேண்டாம். நேற்றுவரை 'அக்கா' என்று அழைத்த பெண் இன்று 'மேடம்' என்றால் என்ன பொருள் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

துருக்கி மொழியின் அழைப்புச் சொற்களை நெருக்கத்தின்படி வரிசையாக அடுக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். 'ஹானும்' தொலைவு, 'அப்லா' நடுவில், 'ஜானும்' மிக நெருக்கம். 'ஜானும்' என்றால் 'என் உயிரே' என்பதால் அதற்கே முதலிடம் என்று நினைப்போம். தொடர்களைக் காதுகொடுத்துக் கேட்கக் கேட்க இந்த வரிசை கலைந்துபோகிறது. உயிர் என்று சொல்வது பல நேரம் மலிவாகவும், அக்கா என்று சொல்வது விலை கூடியதாகவும் இருக்கிறது. அது ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அக்கா என்னும் படி

'அப்லா' என்றால் உடன்பிறந்த மூத்தவள். மூத்த ஆணுக்கு 'ஆபி'. 'ஆகா', 'பே' என்ற இரண்டு பழைய மதிப்புச் சொற்கள் சேர்ந்து, பேச்சில் தேய்ந்து 'ஆபி' ஆயின. இளையவர்களுக்கு ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக 'கர்தெஷ்' என்று ஒரே சொல்தான். ஆனால் தம்பியையோ தங்கையையோ அழைக்க அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, பெயரே போதும். மூத்தவருக்கு உறவுச்சொல், இளையவருக்குப் பெயர் என்னும் இந்தச் சமமின்மை நம் வீடுகளில் உள்ளதுதான். பெயருக்குப் பின் உறவைச் சேர்ப்பதும் நம்முடைய முறையே. நாம் செல்வி அக்கா என்போம், அவர்கள் நெர்மின் அப்லா என்பார்கள்.

ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்று அழைப்புச் சொற்களை ஆராயும் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஐரோப்பிய மொழிகளில் 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டை ஆராய்ந்த அவர்கள், அதை இயக்குபவை அதிகாரம், தோழமை என்ற இரண்டு அச்சுகள் என்றார்கள். யார் மேலே, யார் கீழே என்பது முதல் அச்சு. யார் உள்ளே, யார் வெளியே என்பது இரண்டாவது. துருக்கி மொழியிலும் 'சென்', 'சிஸ்' என்று நீயும் நீங்களும் உண்டு, வினைமுற்றின் விகுதியும் அதற்கேற்ப மாறும். ஆனால் 'அப்லா' இந்த இரண்டு அச்சுகளையும் ஒரே சொல்லில் கட்டிவிடுகிறது. உன்னை உள்ளே சேர்த்துக்கொண்டேன், ஆனால் என்னைவிட ஒரு படி மேலே வைத்திருக்கிறேன் என்கிறது அது. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லை. 'சிஸ்டர்' என்று பெயர்த்தால் கன்னியாஸ்திரியோ செவிலியரோ நினைவுக்கு வருவார். அதனால்தான் வசனவரி எழுதுபவர் சொல்லை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைக்கிறார்.

அக்கா என்று அழைத்தால் அதற்குரிய கடமையும் கூடவே வருகிறது. அப்லா ஆனவர் அறிவுரை சொல்லலாம், அதட்டலாம், நேரம் காலம் பார்க்காமல் கதவைத் தட்டலாம். பதிலுக்கு இளையவளைக் காக்க வேண்டும், அவள் சொன்னதை வெளியே விடக் கூடாது. செலின் பத்தாம் நாள் 'அப்லா' என்றபோது இந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட்டாள். ஒப்பந்தம் மீறப்பட்டபோது அவள் சண்டை போடவில்லை, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

எல்லா அப்லாவும் இவ்வளவு கனமானதல்ல. சந்தையில் காய்கறிக்காரர் வாடிக்கையாளரை 'அப்லா' என்பார். அவருக்கு அறுபது வயது, வாங்க வந்தவளுக்கு முப்பது என்றாலும் அப்லாதான். நம் ஊர்க் கடைத்தெருவில் தலை நரைத்தவர்கூடக் கல்லூரிப் பெண்ணை 'அக்கா' என்பதைப் போன்றதே இது. இங்கே வயதுக் கணக்கு தள்ளுபடியாகிவிடுகிறது. உன்னை மரியாதையாக நடத்துவேன், தப்பாகப் பார்க்க மாட்டேன் என்ற பொருள் மட்டும் மிஞ்சுகிறது.

வீட்டுவேலை செய்யும் பெண்ணிடம் வரும் அப்லா இன்னொரு வகை. வசதியான வீட்டில் நடுத்தர வயதுப் பணிப்பெண் இருந்தால், வீட்டுப் பிள்ளைகள் அவரைப் பெயரோடு அப்லா சேர்த்து அழைப்பார்கள். அவரோ வீட்டுக்காரியை 'ஹானும்' என்பார். ஒரு பக்கம் உறவுச்சொல் போகிறது, மறுபக்கம் பட்டம் வருகிறது. நெருக்கம் தரப்படுகிறது, ஆனால் திருப்பித் தர அனுமதி இல்லை. தொடரில் ஒரு குடும்பம் பணியாளரை எப்படி நடத்துகிறது என்று அறிய, அவர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்பதைவிட அவர் அவர்களை எப்படி அழைக்கிறார் என்று கேட்பதே நல்ல வழி.

உறவுச்சொல் சாத்தும் கதவு

அப்லாவுக்கு வேலியாக நிற்கும் வேலையும் உண்டு. ஒரு பெண்ணை அப்லா என்று அழைப்பவன் அவளைக் காதலிக்க முடியாது. ஓர் ஆணை ஆபி என்று அழைப்பவளும் அப்படியே. துருக்கிக் காதல் தொடர்களில் அடிக்கடி வரும் ஒரு சிக்கல் இதிலிருந்து பிறக்கிறது. சிறுவயது முதல் பக்கத்துவீட்டு இளைஞனை ஆபி என்று அழைத்து வந்தவள் ஒருநாள் அவனை வெறும் பெயரால் அழைக்கிறாள். அங்கேயே காதல் சொல்லப்பட்டுவிட்டது. பூங்கொத்தும் பின்னணி இசையும் பிறகு வருபவை. வசனவரியில் அன்றும் அதற்கு முந்தைய நாளும் ஒரே பெயர்தான் ஓடியிருக்கும்.

தமிழ்க் காது இங்கே கொஞ்சம் ஏமாறக்கூடும். நம் உறவுமுறையில் சில சொற்கள் கதவைத் திறந்தும் வைக்கின்றன. அத்தை மகனும் மாமன் மகளும் முறை உடையவர்கள். 'அத்தான்', 'மாமா' என்ற சொற்களே காதல் சொற்களாகிவிடும். துருக்கி மொழியில் அத்தகைய உறவுச்சொல் இல்லை. அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லாரையுமே 'குசென்' என்று சொல்லிவிடலாம், அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அவர்களிலும் வயதில் மூத்தவர் அப்லா அல்லது ஆபிதான். கணவன், மனைவி என்ற சொற்கள் நீங்கலாக, உறவுச்சொல் எதுவும் காதலுக்கு இடம் தருவதில்லை. ஆகவே காதல் நுழைய வேண்டுமானால் உறவுச்சொல் வெளியேற வேண்டும். காதலர் கையில் எஞ்சுபவை உறவைச் சாராத சொற்கள்: ஜானும், 'என் வாழ்வே' என்னும் 'ஹயாதும்', 'என் காதலே' என்னும் 'அஷ்கும்'.

இந்த வேலி எவ்வளவு கூர்மையானது என்று பார்க்க 'அஷ்கு மெம்னு' தொடரை எடுத்துக்கொள்ளலாம். தடைசெய்யப்பட்ட காதல் என்பது தலைப்பின் பொருள். ஹாலித் ஸியா உஷாக்லுகில் எழுதி, 1899, 1900 ஆண்டுகளில் 'செர்வெத்-இ ஃபுனூன்' இதழில் தொடராக வந்த நாவல் அது. அந்தக் கதையை இன்றைய இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவந்து 2008 முதல் 2010 வரை கனால் டி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. போஸ்பரஸ் கரையில் ஒரு மாளிகை. மனைவியை இழந்த செல்வந்தர் அத்னான், இளம்பெண் பிஹ்தெரை மணக்கிறார். அதே வீட்டில் வளர்ந்த பெஹ்லூல் அத்னானை 'அம்ஜா' என்று அழைப்பவன். அம்ஜா என்றால் தந்தையின் உடன்பிறந்தவர். பிஹ்தெருக்கும் பெஹ்லூலுக்கும் காதல் மூள்கிறது.

அம்ஜாவின் மனைவி துருக்கி முறைப்படி 'யெங்கெ'. இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்ப்பது கடினம். தமிழில் பெயர்ப்பது வேறு விதத்தில் அதைவிடக் கடினம். அண்ணன் மனைவியும் யெங்கெ, தந்தையின் தம்பி மனைவியும் யெங்கெ, தாய்மாமன் மனைவியும் யெங்கெ. நண்பனின் மனைவியையும் இளைஞர்கள் யெங்கெ என்பார்கள், அவனுடைய காதலியைக்கூட அப்படிச் சொல்வதுண்டு. இவள் நம்மவனுடையவள், இனி இவளைப் பார்க்கும் பார்வை வேறு என்று எல்லாருக்கும் அறிவிப்பதே அச்சொல்லின் வேலை. தமிழில் வசனவரி எழுதுபவர் பிஹ்தெரை 'சித்தி' என்று வைத்தால் தாயின் இடத்துக்கு அவளை ஏற்றிவிடுகிறார். துருக்கிக் கதையில் இருக்கும் பாவம் தமிழில் இன்னும் கனத்துவிடும். 'அண்ணி' என்று வைத்தால் தலைமுறை பிசகும், அத்னான் பெஹ்லூலுக்கு அண்ணனாகிவிடுவார். நம் மொழியில் சொல் இல்லாததால் வந்த சிக்கலல்ல இது. துருக்கி மொழி ஒரே வேலி போட்ட இடத்தில் நாம் மூன்று வேலி போட்டிருக்கிறோம், எந்த வேலியை எடுப்பது என்பதுதான் தொல்லை. நானாக இருந்தால் முதல் காட்சியிலேயே 'யெங்கெ' என்று அப்படியே வைத்துவிடுவேன். வேலி எங்கே நிற்கிறது என்பதைக் கதையே இரண்டு அத்தியாயத்தில் பார்வையாளருக்குக் கற்றுத்தந்துவிடும்.

சட்டம் எடுத்த பட்டம்

அதே மாளிகையில் இன்னொரு வரிசையும் கேட்கும். வீட்டுத் தலைவர் அத்னான் பே. மாமியார் ஃபிர்தெவ்ஸ் ஹானும். பிள்ளைகளை வளர்த்த ஆசிரியை மத்மஸேல். வேலைக்காரர்களில் மூத்தவர் சுலெய்மான் எஃபெந்தி. நான்கு பேருக்கும் மரியாதைச் சொல் இருக்கிறது, ஆனால் நால்வரும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள்.

'எஃபெந்தி' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். உஸ்மானியக் காலத்தில் கற்றறிந்தவருக்கும் உயர் நிலையினருக்கும் உரியதாக இருந்தது. பிறகு மெல்லக் கீழிறங்கி, வாயிற்காப்போனுக்கும் சமையற்காரருக்கும் பெயரோடு சேர்க்கும் மரியாதையாக நின்றுவிட்டது. முதலாளி பே, பணியாள் எஃபெந்தி. பணியாளை மதிப்பது போலவே அவர் இடத்தையும் அது சுட்டிக்காட்டுகிறது. இதற்கு நேர்மாறாக, அச்சொல்லோடு 'என்' சேர்த்த 'எஃபெந்திம்' எல்லார் வாயிலும் புழங்குகிறது. தொலைபேசியை எடுத்ததும் எஃபெந்திம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எஃபெந்திம். காதில் விழாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்வதற்கும் எஃபெந்திம். 'என் தலைவரே' என்பது சொற்பொருள். வழக்கிலோ அது நம் 'சொல்லுங்க' அளவுக்கு லேசானது.

இந்தப் பட்டங்களை ஒரு சட்டம் நீக்கியது என்பது தொடர் பார்க்கும் பலருக்கு வியப்பாக இருக்கும். துருக்கிக் குடியரசு 1934 ஜூனில் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தது. அதே ஆண்டு நவம்பரில் எஃபெந்தி, பே, பாஷா, ஹானும் முதலிய பட்டங்களை ஒழிக்கும் சட்டமும் வந்தது. எல்லாக் குடிமக்களும் சமம், பெயருக்கு அலங்காரம் வேண்டாம் என்பது நோக்கம். அவற்றின் இடத்தில் பெயருக்கு முன்னால் வரும் 'பாய்', 'பாயன்' புகுத்தப்பட்டன. காகிதத்தில் அவை ஏறின, நாக்கில் ஏறவில்லை. பட்டம் ஒழிந்து தொண்ணூறு ஆண்டு ஆன பிறகும் அலுவலகத்திலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் பேயும் ஹானுமும்தான். சட்டம் கண்டது உயர்வு தாழ்வை மட்டுமே. பேசுபவர்களுக்கோ வேறொன்று தேவைப்பட்டது. முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு தள்ளி நிற்பது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது.

ஆகவே 'ஹானும்' என்பதைக் குளிர்ந்த சொல் என்று முடிவு கட்டக் கூடாது. முதல் சந்திப்பில் அது சரியான சொல். நெருங்கிப் பழகிய பிறகு திரும்பி வரும்போதுதான் அது சுடுகிறது.

உயிர் என்னும் சில்லறை

இப்போது ஜானுமுக்கு வருவோம். 'ஜான்' பாரசீகத்திலிருந்து வந்த சொல், உயிர் என்று பொருள். அதன் ஈற்றில் சேர்வது 'என்' எனப் பொருள்படும் துருக்கி ஒட்டு. அந்த ஒட்டின் உயிரொலியை எழுத்தில் புள்ளியில்லாத ஐ எழுத்தால் குறிப்பார்கள். ஆங்கில விசைப்பலகையில் அது இல்லாததால் பலர் புள்ளி வைத்தே எழுதிவிடுகிறார்கள், படிப்பவர்களும் 'ஜானிம்' என்றே வாசிக்கிறார்கள். உண்மையில் அது இதழ் குவியாமல் பிறக்கும் உகரம். 'காடு', 'பட்டு' என்னும்போது கடைசியில் நம் வாயில் வரும் குற்றியலுகரத்துக்கு மிக அண்மையானது. தமிழருக்கு அந்த ஒலி இயல்பாகவே வரும்.

இந்த 'என்' ஒட்டு உறவுச்சொற்களிலும் ஏறும், ஏறும்போது நெருக்கத்தின் நிறத்தை மாற்றும். 'அப்லா' வெறும் அழைப்பு. 'அப்லாம்' என்றால் என் அக்கா. நடுவில் சிறுமைப்பொருள் தரும் இன்னொரு ஒட்டைச் செருகினால் வருவது 'அப்லாஜும்'. என் சின்ன அக்கா, என் செல்ல அக்கா என்பது போன்ற குழைவு அதில் இருக்கும். செலினை 'செலின்ஜிம்' ஆக்கியதும் இதே ஒட்டுதான், முன்னால் வரும் உயிரொலிக்கு ஏற்ப ஜும், ஜிம் என்று மாறுகிறது. இங்கேயும் ஒரு முரண் உண்டு. சொந்த அக்காவை நாள்தோறும் அழைக்க மொட்டையான 'அப்லா' போதும். 'அப்லாஜும்' என்று தங்கை இழுத்தால் அவளுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டும், பணமோ, அம்மாவிடம் சிபாரிசோ. கடைக்காரர் தெரியாத பெண்ணிடம் 'அப்லாம்' என்றால் தக்காளி விற்றாக வேண்டும். சர்க்கரை கூடினால் நெருக்கம் கூடிவிட்டது என்று பொருளில்லை. சில நேரம் இல்லாத நெருக்கத்தை ஈடுகட்டத்தான் அது கூடுகிறது.

ஜானும் இதைவிடத் தாராளமானது. தாய் பிள்ளையிடம் சொல்வாள், கணவன் மனைவியிடம் சொல்வான், தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், அழகு நிலையத்தில் முடி வெட்டுபவர் நாற்காலியில் உட்கார்ந்தவரிடமும் சொல்வார். அப்லா போல அதற்குப் படி இல்லை, வேலி இல்லை, கடமையும் இல்லை. யாருக்கும் கொடுக்கலாம் என்பதால் கொடுத்ததற்குக் கணக்கும் இல்லை. நம் 'கண்ணு', 'செல்லம்', 'தங்கம்' போன்றவற்றோடு வைத்துப் பார்த்தால் அதன் எடை புரியும். 'என் உயிரே' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பக்கத்துவீட்டுத் தேநீர்ப் பேச்சு பழைய திரைப்படப் பாட்டாகிவிடும்.

அது கசப்பாகவும் திரும்பும். 'யோக் ஜானும்' என்றால் 'அட, அதெல்லாம் இல்லை' அல்லது 'சும்மா சொல்லாதே'. வாக்குவாதத்தின் நடுவில் ஒருவர் 'ஜானும்' என்று தொடங்கினால் பெரும்பாலும் பொறுமை தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு பெண்கள் பகைத்துக்கொண்டு புன்னகையோடு பேசும் காட்சியில் அது ஊசியாகவே இறங்கும். என்னைவிட நீ சிறியவள், உனக்கு விளங்காது என்பதை ஒரு செல்லச்சொல்லில் பொதிந்து கொடுப்பது அது. அந்த இடத்தில் ஆங்கில வசனவரி 'டியர்' என்று போட்டால் தப்பில்லை. தமிழில் 'இங்க பாரும்மா' என்பது இன்னும் பொருந்தும்.

இன்னொரு பொறியும் உண்டு. எல்லா ஜானுமும் அழைப்பல்ல. சலிப்பாக இருக்கிறது என்பதைத் துருக்கியில் 'என் உயிர் இறுகுகிறது' என்ற அமைப்பில் சொல்வார்கள். வலிக்கிறது என்பதற்கு 'என் உயிர் எரிகிறது'. பிடிக்கவில்லை, மனமில்லை என்பதற்கு 'என் உயிர் விரும்பவில்லை'. மூன்றிலும் வாக்கியத்தின் எழுவாயாக ஜானும் நிற்கும். புதிதாகக் காது பழக்குபவர், காட்சியில் ஒருத்தி யாரையோ கொஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருப்பாள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அழைப்பாக வரும் ஜானுமுக்கு முன்னோ பின்னோ ஒரு சிறு நிறுத்தம் இருக்கும். எழுவாயாக வருவது நிறுத்தமின்றி வினையோடு ஓடும்.

தாய் பிள்ளையை 'அம்மா' என்பது

'என்' ஒட்டின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது தலைகீழ் அழைப்பு. தாயைத் துருக்கியில் 'அன்னெ' என்பார்கள். நம் 'அன்னை'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான். பிள்ளை தாயை 'அன்னெஜிம்' என்று அழைப்பது இயல்பு. ஆனால் தாயும் பிள்ளையை 'அன்னெஜிம்' என்பாள். தந்தை தன் மகளை 'பாபாஜும்' என்பார். அக்கா தம்பியை 'அப்லாஜும்' என்பாள். பேசுபவர் தன்னைக் குறிக்கும் சொல்லையே எதிரில் இருப்பவருக்குப் போர்த்திவிடுகிறார். வசனவரி எழுதுபவர் இதை அப்படியே பெயர்த்தால் தாய் ஐந்து வயது மகனை 'அம்மா' என்று அழைப்பதாக ஆகிவிடும். ஆங்கிலத்தில் அது பிழை போலத் தெரியும் என்பதால் 'ஹனி' என்றோ 'ஸ்வீட்டி' என்றோ மாற்றிவிடுகிறார்கள்.

தமிழில் அது பிழையாகத் தெரியாது. 'வாம்மா', 'சாப்பிடுப்பா' என்று நாமும் பிள்ளைகளை அழைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாம் மகளை அம்மா என்றும் மகனை அப்பா என்றும் அழைக்கிறோம், கேட்பவர் ஆணா பெண்ணா என்பதே நம் கணக்கு. துருக்கியில் சொல்பவர் யார் என்பதே கணக்கு. மகனாக இருந்தாலும் தாய்க்கு அவன் அன்னெஜிம்தான். நான் உனக்கு யார் என்பதை உன்னை அழைக்கும்போதே சொல்லிவிடுகிறேன் என்பது அதன் உள்ளுறை. வளர்ப்புத் தாயோ சிற்றன்னையோ ஒரு குழந்தையை முதன்முதலாக 'அன்னெஜிம்' என்றால் அது வெறும் கொஞ்சலல்ல, நான் உன் தாய் என்ற உரிமைக் கோரல். குழந்தை திரும்பி 'அன்னெ' என்கிறதா, பெயரோடு 'அப்லா' என்கிறதா என்பதில் அதற்கான விடை இருக்கும்.

இரண்டு வரியின் நெருக்கடி

வசனவரி எழுதுபவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் வேலைசெய்யும் இடம் மிகக் குறுகலானது. நெட்ஃபிளிக்ஸ் ஆங்கில வசனவரிக்கு வகுத்த விதிப்படி ஒரு வரியில் 42 எழுத்துகள், ஒரே நேரத்தில் இரண்டு வரிதான். அடுத்த வசனம் வருவதற்குள் பார்வையாளர் படித்து முடிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது அழைப்புச் சொல். செய்தி வினையில் இருக்கிறது, அழைப்பில் இல்லை என்பது கணக்கு. ஆங்கில உரையாடலுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி. துருக்கி உரையாடலில் பல காட்சிகளின் செய்தியே அழைப்பில்தான் இருக்கிறது.

தமிழில் எழுதுபவருக்குக் கொஞ்சம் வசதி உண்டு. 'நெர்மின் அக்கா' எழுதலாம். 'நீ', 'நீங்க' வேறுபாட்டை வினையிலேயே வைக்கலாம், கூடுதல் இடம் அதிகம் வேண்டாம். செலினின் மூன்று காட்சியையும் நான் இப்படி வைப்பேன். படிக்கட்டில்: "நெர்மின் மேடம், நீங்க மேல் மாடியா?" தேநீரில்: "நெர்மின் அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" கதவு வாசலில்: "நெர்மின் மேடம், ஒரு நிமிஷம் பேசணும்." 'ஹானும்' சரியாக 'மேடம்' அல்ல. மேடத்தில் அலுவலக வாடை கொஞ்சம் கூடுதல். ஆனால் இங்கே ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் துல்லியமாக இருப்பதைவிட, முதல் சொல்லும் மூன்றாம் சொல்லும் ஒன்றாக இருப்பது முக்கியம். நெருக்கம் தனிச்சொல்லில் இல்லை, சொல் மாறுவதில் இருக்கிறது. மாற்றம் தெரியும்படி எழுதிவிட்டால் மீதியைப் பார்வையாளரே கண்டுகொள்வார்.

ஆங்கில வரியோடு பார்ப்பவர்களும் மூன்று விஷயத்தைக் காதில் வாங்கினால் போதும். ஒன்று, அழைப்பு இரு பக்கமும் ஒரே வகையில் போகிறதா. இரண்டு, முன்பு இருந்த சொல் இன்று இருக்கிறதா. மூன்று, ஒட்டு ஏறியிருந்தால் அது வீட்டுக்குள் ஏறியதா, கடைத்தெருவில் ஏறியதா. இவற்றோடு ஜானுமை எடைபோட்டால் அது பெரும்பாலும் காற்றுப்போல லேசாகவே இருக்கும். மறைந்துவிட்ட ஓர் அப்லா கல்லைப்போலக் கனக்கும்.

செலினின் கதையை அந்த வாசலிலேயே விட்டுவிட மனமில்லை. பல மாதம் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. மேல் மாடியில் ஏதோ விழுந்த சத்தம். செலின் ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறாள். பதில் இல்லை. மறுபடி தட்டுகிறாள். பிறகு கதவில் வாயை வைத்து ஒரே சொல்லைச் சொல்கிறாள்: "அப்லா!"

பெயர் இல்லை, வினை இல்லை, அழைப்பு மட்டும். பெயர்க்க எதுவும் இல்லை என்று ஆங்கில வசனவரி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கும்.